பதினைந்து நாள் கடந்தபின் பணம் கேட்கும் வாடிக்கையாளருக்கு மறுப்பும் மாற்றும் எழுதுவது எப்படி: ஒரு பட்டுப்புடவையை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் கடையும் அதற்கென ஓர் இணையதளமும் வைத்து நடத்தும் ஒரு சிறிய புடவை வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கியதைப் பணமாகத் திருப்பிப் பெறுவதற்கு இந்தக் கடை கொடுக்கும் அவகாசம் 15 நாள். வேளச்சேரியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், நாத்தனார் மகளுக்குத் தீபாவளிப் பரிசாக அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றை இணையத்தில் வாங்குகிறார். விலை 8,000 ரூபாய், ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. 400 ரூபாய், ஆக மொத்தம் 8,400 ரூபாய். புடவை அக்டோபர் 9 அன்று அவர் கைக்குச் சேர்கிறது. நவம்பர் 6 அன்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: "நிறம் பிள்ளைக்குப் பிடிக்கலை, அப்படியே பெட்டியிலதான் இருக்கு, எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிப் போட்டுடுங்க." இதற்குப் பணம் தர இயலாது என்று சொல்ல வேண்டும், கூடவே அதே தொகைக்கு வேறு துணி எடுத்துக்கொள்ள வழி செய்து கொடுக்க வேண்டும். பதில் கடிதம் பத்து வரிதான். அதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பும், அதற்குப் பின் பில்லிங்கில் செய்ய வேண்டிய வேலையுமே கூடுதல் கவனம் கேட்பவை.

முதலில்: இது மறுக்கக்கூடிய கோரிக்கைதானா?

நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது, விழா தள்ளிப்போய்விட்டது என்ற காரணங்களுக்காகப் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அந்த இடத்தில் கடை தானாகக் கொடுத்த வாக்குறுதிதான் நிற்கும். 15 நாள் என்று சொல்லியிருந்தால் 15 நாள். பொருளில் குறை இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், பில்லில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், என்பது அதற்கு அது வைத்துள்ள கணக்கு. இணையத்தில் விற்பவர்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளும், குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன.

ஆகவே, "நிறம் பிடிக்கவில்லை" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: படத்தில் பார்த்த நிறம் நேரில் இல்லையா, அல்லது நிறம் சரியாகத்தான் இருந்து பெறுபவருக்குப் பிடிக்கவில்லையா? முதலாவது என்றால், இணையதளத்தில் உள்ள படத்தையும் கையிருப்பில் உள்ள அதே வகைப் புடவையையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் அரக்கு நிறம் செங்கல் நிறமாகத் தெரியும். படம்தான் தவறு என்று தெரிந்தால் இது காலம் கடந்த கோரிக்கை அன்று. மாறான பொருள் பற்றிய புகார். அதற்கு இந்த வழிகாட்டியில் வரும் கடிதத்தை அனுப்பக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் நவம்பர் 6 என்பது புடவை சேர்ந்த 28ஆம் நாள் என்பதையும் கவனியுங்கள். பில்லில் அவகாசத்தை அச்சிட மறந்த கடையாக இருந்து, புடவையில் நெசவுக் குறையும் இருந்தால், வாடிக்கையாளர் அந்த 30 நாள் கணக்குக்குள்ளேயே நிற்கிறார்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டால் இத்தனை தொல்லையும் இல்லையே என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வரியையே நேர்மையற்ற நடைமுறை என்று நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. காலவரம்பைத் தெளிவாகச் சொல்லும் பில், எதையும் திரும்பப் பெறமாட்டேன் என்னும் பில்லைவிடக் கடைக்கே பாதுகாப்பானது.

நாளை எண்ணுவதும் பழைய செய்திகளைத் தேடுவதும்

அவகாசத்தை ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. கூரியர் பதிவில் பொருள் ஒப்படைக்கப்பட்டதாக உள்ள நாளுக்கு மறுநாளை முதல் நாளாகக் கொள்ள வேண்டும். அக்டோபர் 10 முதல் நாள் என்றால் பதினைந்தாம் நாள் அக்டோபர் 24. நவம்பர் 6 அன்று வந்த கோரிக்கை 13 நாள் பிந்தியது. இந்தத் தேதிகள் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் இவைதான் போகப்போகின்றன.

அடுத்துச் செய்ய வேண்டியதை நான் ஒருமுறை செய்யாமல் விட்டுப் பட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கடையில், காலம் கடந்துவிட்டது என்று ஒருவருக்கு அழகாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அவகாசம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் கடையின் இன்னோர் எண்ணுக்கு எழுதியிருக்கிறார். பண்டிகைக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. பணத்தைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டோம். கேட்ட நாள்தான் கணக்கு, நாம் பதில் சொன்ன நாள் அன்று. எனவே வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணை வைத்து எல்லா வாட்ஸ்அப் எண்களிலும், கடையின் மின்னஞ்சலிலும், இன்ஸ்டாகிராம் செய்திப் பெட்டியிலும் தேடுங்கள். கவுண்ட்டரில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "தீபாவளி முடிஞ்சு வாங்கம்மா, பார்த்துக்கலாம்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்த வாக்குக்கும் கடைதான் பொறுப்பு.

எழுதும் முன் தொகையையும் நிபந்தனையையும் தீர்மானிப்பது

மாற்றாகக் கொடுக்கப்போவது என்ன என்பதை முடிவு செய்யாமல் கடிதத்தைத் தொடங்கினால், கடிதப் போக்குவரத்திலேயே நிபந்தனைகள் ஒவ்வொன்றாக முளைக்கும். வாடிக்கையாளருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியும்.

தொகை என்பது அவர் செலுத்திய தொகை. நம் புடவை தீபாவளிக்குப் பின் 20 விழுக்காடு தள்ளுபடியில் 6,720 ரூபாய்க்கு இணையதளத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலையைத்தான் தருவோம் என்று சொல்லத் தோன்றும்; திரும்பி வரும் புடவையை அந்த விலைக்குத்தான் விற்க முடியும் என்பதும் உண்மைதான். ஆனாலும் 8,400 ரூபாயே கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. பணம் வெளியே போகவில்லை. அந்தத் தொகைக்கு அவர் எடுக்கப்போகும் துணியிலும் கடைக்கு லாபம் இருக்கிறது. பணம் கேட்டவருக்கு மறுப்பு, அதன் மேல் தொகையிலும் குறைப்பு என்று இரண்டு அடி விழுந்தால் சலுகை தண்டனையாக மாறிவிடும். வாங்கும்போது கூரியருக்குத் தனியாகக் கொடுத்திருந்தால் அந்தத் தொகையைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் சேர்க்கவில்லை என்பதைக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும்.

நிபந்தனை புடவையின் நிலையைப் பற்றியதாக இருக்கட்டும். ஃபால் தைத்திருக்கக் கூடாது, ஓரம் அடித்திருக்கக் கூடாது, பிளவுஸ் பிட் வெட்டியிருக்கக் கூடாது, விலைச் சீட்டும் சில்க் மார்க் சீட்டும் அப்படியே இருக்க வேண்டும். பட்டைப் பொறுத்தவரை, கட்டியதா இல்லையா என்பது பெரும்பாலும் பார்த்தாலே தெரியும்: இடுப்பில் கொசுவம் செருகிய இடத்தில் குறுக்கு மடிப்புகள் விழுந்திருக்கும், கீழ்க்கரையின் உட்புறம் மங்கியிருக்கும், முந்தானைத் தோள்மடிப்பில் ஊசி குத்திய புள்ளி இருக்கும், அக்குள் பக்கம் வாசனைத் திரவிய நெடி இருக்கும். பூசையில் வைத்துக் கொடுத்த புடவையில் மஞ்சள், குங்குமத் தடம் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் உண்டு. பரிசுப் புடவைகளில் அதையும் தேடுங்கள்.

செல்லுபடிக் காலம் 12 மாதம் வைக்கலாம். மூன்று மாதம் என்று வைத்தால், பொங்கலுக்கு எடுக்காதவருக்கு அடுத்த விசேஷம் வருவதற்குள் முடிந்துவிடும், அப்போது இரண்டாவது சண்டை தொடங்கும். ஓராண்டு என்றால் அடுத்த தீபாவளி வரை நீளும், வாடிக்கையாளரும் அதை அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

கடிதம்

எழுத உட்காரும்போது தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஸ்டோர் கிரெடிட்' என்பதைக் 'கடைக் கடன்' என்று பெயர்த்து எழுதினால், படிப்பவருக்குக் கடையிடம் தான் கடன்பட்டது போலத் தோன்றும். 'கிரெடிட்' என்று மட்டும் எழுதினால் சிலர் கிரெடிட் கார்டில் பணம் வரும் என்று காத்திருப்பார்கள். 'கிரெடிட் நோட்' என்பது சென்னைக் கடைகளில் பழகிய சொல்தான். ஆனால் அதே பெயரில் ஜி.எஸ்.டி. ஆவணம் ஒன்றும் இருப்பதால் பின்னால் குழப்பம் வரும். எனவே பெயரை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லிவிடுவதே தெளிவு: இத்தனை ரூபாய்க்கு எங்களிடம் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மறுப்பைச் சொல்லும் சொல். "பார்த்துச் சொல்கிறோம்", "கொஞ்சம் கஷ்டம்தான்" என்பவற்றைக் கடைக்காரர் 'இல்லை' என்ற பொருளில் சொல்கிறார். வாடிக்கையாளர் 'கிடைக்கலாம்' என்ற பொருளில் கேட்டுக்கொள்கிறார். எழுத்தில் 'இயலாது' என்ற ஒரு சொல் போதும். "சிஸ்டம் ஏற்கவில்லை" என்றும் எழுத வேண்டாம், அது உண்மையாகவும் இராது, அடுத்த கேள்வியாக "யாரிடம் சொன்னால் ஏற்கும்?" என்று வரும்.

இனி, அந்த அம்மாளுக்கு அனுப்பும் பதில்:

> வணக்கம் அம்மா. அரக்கு நிறப் பட்டுப்புடவையைத் திருப்பித் தர விரும்புவதாக நவம்பர் 6 அன்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. இந்தப் புடவைக்கு உரிய தொகையைப் பணமாகத் திருப்பித் தர இயலாது. புடவை அக்டோபர் 9 அன்று உங்களிடம் சேர்ந்தது. பில்லிலும் இணையதளத்திலும் குறிப்பிட்டுள்ள 15 நாள் அவகாசம் அக்டோபர் 24 அன்று முடிந்துவிட்டது.
>
> புடவை கட்டப்படாமல் பெட்டியிலேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஃபால் தைக்காமல், பிளவுஸ் பிட் வெட்டாமல், சீட்டுகளோடு அது எங்களிடம் வந்துசேர்ந்தால், நீங்கள் செலுத்திய 8,400 ரூபாய் முழுவதற்கும் எங்கள் மயிலாப்பூர்க் கடையிலோ இணையதளத்திலோ வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். அதற்கான சீட்டு 12 மாதம் செல்லும். ஒரே தடவையில் எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் வேறு யாரிடமும் கொடுத்தும் அனுப்பலாம். அதைப் பணமாக மாற்ற இயலாது.
>
> இது உங்களுக்குச் சம்மதமானால் நவம்பர் 20க்குள் புடவையைக் கடையில் கொடுக்கலாம், அல்லது கூரியரில் அனுப்பலாம்; கூரியர் செலவு உங்களுடையது. புடவை வந்த இரண்டு வேலை நாளில் பார்த்துவிட்டுச் சீட்டை அனுப்புவோம்.
>
> புடவையில் நெசவுக் குறையோ சாயக் குறையோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அதைத் தனியாகக் கவனிக்கிறோம்.

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். சலுகையை முதலில் சொல்லி மறுப்பைக் கடைசியில் ஒளித்து வைத்தால், பாதி பேர் மறுப்பைப் படிக்காமலேயே பணத்துக்குக் காத்திருப்பார்கள். மறுப்புக்குக் காரணம் ஒன்றே ஒன்று, அது தேதி. "பண்டிகைக்கால விற்பனை, கையிருப்பு அதிகம், எல்லோருக்கும் தர ஆரம்பித்தால்" என்று காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். தேதிக்குப் பதில் கிடையாது. கடைசிப் பத்தியை விட்டுவிடத் தோன்றலாம், விடாதீர்கள். குறை உண்மையிலேயே இருந்தால் அதைச் சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று அதுதான்.

இணையதளம் வைத்திருப்பவர்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சரிபார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால், கிடைத்தது என்ற ஒரு வரியை அன்றே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மறுபடியும் கேட்டால்

பெரும்பாலும் கேட்பார். "எனக்கு இப்ப துணி எதுவும் வேணாம்ங்க, பணமாத்தான் வேணும். இல்லைன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்." இதற்கு எழுதும் பதிலில் புதிய காரணமும் இருக்கக் கூடாது, புதிய சலுகையும் இருக்கக் கூடாது. முடிவு அதுவே என்று ஒரு வாக்கியம், நவம்பர் 20 வரை மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு வாக்கியம், அவர் பில்லின் படம், அவகாசம் எழுதப்பட்டுள்ள பக்கத்தின் இணைப்பு, குறைதீர் அலுவலரின் பெயரும் எண்ணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அவர் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடலாம். அது எல்லோருக்கும் தெரிந்த எண்தான், மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

குரலை உயர்த்தியவருக்குச் சலுகையை உயர்த்துவது இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. 8,400 ரூபாயை இரண்டாம் செய்திக்கு 9,000 ஆக்கினால், மூன்றாம் செய்திக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கத்தான் தோன்றும். விதிவிலக்காகப் பணமே தரத் தகுந்த நேரங்களும் உண்டு. வீட்டில் துக்கம் நேர்ந்ததால் வர முடியவில்லை என்பவரிடம் தேதி பேசிக்கொண்டிருப்பது அழகன்று. அந்த முடிவை முதலாளியோ மேலாளரோ ஒருவர் மட்டும் எடுத்து, காரணத்தோடு எழுதி வைத்துவிட வேண்டும்.

அவர் நேரே கடைக்கு வருவதற்கும் தயாராக இருங்கள். எழுத்தில் மறுத்ததை அறியாமல், ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் கவுண்ட்டரில் இருக்கும் தம்பி யு.பி.ஐ.யில் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவது நடக்கிறது. சில நாள் கழித்து அதே பில்லுக்குச் சீட்டும் போய்ச் சேரும். கடிதம் அனுப்பிய அன்றே பில்லிங் மென்பொருளில் அந்தப் பில் எண்ணுக்கு நேரே "பணம் இல்லை, 8,400க்குத் துணி, நவ. 20 வரை" என்று குறிப்பு போட்டுவிட்டால் இது நேராது.

புடவை வந்தபின்: இரண்டு தாள்கள்

புடவையைப் பிரித்துப் பார்ப்பதை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் இரண்டு தாள்கள் உருவாகின்றன, இவற்றை ஒன்றாக எண்ணுவதால்தான் கணக்கு குழம்புகிறது. ஒன்று, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி பொருள் திரும்பி வந்ததற்காகப் போடும் கிரெடிட் நோட்: 8,000 ரூபாய் விற்பனையும் 400 ரூபாய் வரியும் பழைய பில் எண்ணுக்கு எதிராகக் குறைகின்றன. இது கணக்குப் புத்தகத்துக்கும் வரி அறிக்கைக்கும் உரியது. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டு அறிக்கை தாக்கல் செய்தால் அதற்குள், இதை அறிக்கையில் காட்டிவிட வேண்டும். மற்றொன்று, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் 8,400 ரூபாய்ச் சீட்டு. அதில் வரிசை எண், தொகை, கடைசித் தேதி, பழைய பில் எண் ஆகியவை இருந்தால் போதும். அது கடைக்கு வருமானம் அன்று; கொடுக்க வேண்டிய பாக்கி. புத்தகத்தில் அப்படியே நிற்கட்டும்.

பொங்கலுக்கு அவர் 10,500 ரூபாய்க்கு வேறொரு பட்டுப்புடவை எடுக்கிறார் என்று வையுங்கள். புதிய பில் 10,000 ரூபாய் விலை, 500 ரூபாய் வரி என்று முழுதாகப் போட வேண்டும். அதன் பிறகு, பணம் செலுத்தும் இடத்தில், சீட்டின் 8,400 ரூபாயைக் கழித்து மீதி 2,100 ரூபாயை வாங்க வேண்டும். கவுண்ட்டரில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், 8,400ஐத் தள்ளுபடிக் கட்டத்தில் போட்டு, மிச்சத் தொகைக்கு மட்டும் வரி கணக்கிடுவது. முந்தைய 400 ரூபாய் வரியைக் கிரெடிட் நோட்டில் குறைத்தாயிற்று. இங்கும் குறைத்தால் வரி இரண்டு முறை குறைந்துபோகிறது, தணிக்கையில் அது தெரியவரும். மாத முடிவில் தள்ளுபடிப் பட்டியலை எடுத்துப் பார்த்து, அதில் 8,400 போன்ற விசித்திரமான தொகை ஏதேனும் நின்றால், பெரும்பாலும் அது இப்படி நுழைந்த சீட்டாகத்தான் இருக்கும்.

அவர் 6,300 ரூபாய்க்கு மட்டும் எடுத்தால், பழைய சீட்டை ரத்து செய்துவிட்டு, மீதி 2,100 ரூபாய்க்கு அதே கடைசித் தேதியோடு புதுச் சீட்டு கொடுங்கள். பழைய சீட்டிலேயே பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தால் யார் எப்போது திருத்தினார்கள் என்பது பிறகு யாருக்கும் தெரியாது. சீட்டு காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போது, மீதி எவ்வளவு, கடைசித் தேதி எது என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.